கரியம் இல்லாத வாயு

எனக்குக் கோபம் வந்தால் சிவப்பு மைக்குப் பஞ்சம் வரும் என்று எங்கள் பள்ளியில் ஒரு பேச்சு உண்டு. நான் மறுத்ததில்லை. கடலூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். பிள்ளைகள் நேரில் என்னைத் ‘தமிழம்மா’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘ஒற்றுப் பேய்’. ஒரு க், ச், த், ப் விட்டுப்போனால் அரை மதிப்பெண் வெட்டுவேன். பெற்ற பிள்ளை எழுதியிருந்தாலும் வெட்டுவேன்.

அறுபதுகளின் பின்பாதி அது. அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா முடியாதா என்று ஆசிரியர் அறையில் தினமும் மல்லுக்கட்டு நடக்கும். அந்த மல்லுக்கட்டில் கலந்துகொள்ளாமல் மூலையில் உட்கார்ந்து, தமிழில் சொல்லிக்கொண்டே இருந்த ஒரே ஆள் எங்கள் சயின்ஸ் சார். பரங்கிப்பேட்டைக்காரர். அவருடைய மச்சான்மார்கள் மலேயாவில் கடை வைத்துச் செழிப்பாக இருந்தார்கள். இவர் இங்கே அமிலப் புட்டிகளோடு குடித்தனம் நடத்தினார். என்னைவிட மூத்தவரா இளையவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்டதுமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஆசிரியர்களிலேயே கெட்டிக்காரர் யாரென்று கேட்டால் யோசிக்காமல் அவரைத்தான் சொல்வேன்.

விடுமுறை நாள்களில் சிதம்பரம் போய்ப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் படிப்பது அவர் பழக்கம். ஒரு திங்கட்கிழமை காலையில், கையெழுத்துக்கூடப் போடாமல் நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

“டீச்சர், காத்துல கார்பன் டை ஆக்சைடு வருஷா வருஷம் ஜாஸ்தியாவுதாம். ஒரு மலை உச்சியில கருவி வச்சு அளந்துகிட்டே இருக்காங்க. ஏறிகிட்டே போவுது.”

“ஏறட்டுமே சார். எண்ணெய் விலைகூடத்தான் ஏறுது.”

“எண்ணெய் விலை எறங்கினாலும் எறங்கும். இது சுலபத்துல எறங்காது. இங்கிலீஷ்ல படிக்கிறவன் நாளைக்கே தெரிஞ்சுக்குவான். நம்ம தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கு யாரு சொல்றது?”

அந்தக் கேள்விதான் அவரைப் பிடித்து ஆட்டியது. சிதம்பரத்தில் ஒரு குழு ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழில் அறிவியல் துணைப்பாட நூல் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பாடம் எழுதி அனுப்பினார். காற்றிலிருந்து இலைக்கு, இலையிலிருந்து உயிர்களுக்கு, உயிர்களிடமிருந்து மறுபடி காற்றுக்கு என்று கரி சுற்றிவரும் கதை அது. நாம் எரிப்பதும் காடழிப்பதும் அந்தச் சுற்றை எப்படிக் குலைக்கின்றன என்பது அதன் கடைசிப் பகுதி. குழுவில் இருந்த வேதியியல் பேராசிரியர், இது தமிழில் ஒன்பதாம் வகுப்புக்கு ஏறாது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். சிதம்பரத்துப் பிள்ளைகளை உட்காரவைப்போம், நீங்களே வந்து நடத்துங்கள், அவர்களுக்குப் புரிந்தால் புத்தகத்தில் சேர்ப்போம், புரியாவிட்டால் எடுத்துவிடுவோம். மொழியைப் பார்த்துத் திருத்த ஒரு தமிழாசிரியரும் கூட வரவேண்டும். அப்படித்தான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

வந்த கையோடு அவர் எழுதியிருந்த ‘கார்பன் டை ஆக்சைடு’ அத்தனையையும் சிவப்பு மையால் அடித்து, ‘கரியமில வாயு’ என்று எழுதினேன். பக்கம் பூராவும் அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

“கரின்னு நமக்கே ஒரு சொல் இருக்கு சார். அடுப்புக்கரி, நிலக்கரி எல்லாம் நாம சொல்றதுதானே? அந்தக் கரி தண்ணியோட சேர்ந்து அமிலமாவுது. கரி, அமிலம், வாயு. எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க!”

“பொருத்தம்தான் டீச்சர்” என்று சிரித்தார். “பேரு எதுவா இருந்தா என்ன, உள்ள கரி இருக்குதுன்னு புள்ளைங்களுக்குத் தெரியணும். அது போதும் எனக்கு.”

சிதம்பரம் போவதற்கு முன்னால் எங்கள் வகுப்பிலேயே ஒரு முறை நடத்திப் பார்த்தார். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நெல்லிக்குப்பத்து ஆலைக்குப் போகும் வண்டியில் கரும்பை உருவித் தின்னாத பிள்ளை எங்கள் பள்ளியில் கிடையாது. அவரும் கரும்பிலிருந்துதான் தொடங்கினார்.

“இந்தக் கரும்புக்கு உடம்பு எங்கேருந்து வந்துது?”

“மண்ணுலேருந்து சார்!”

“அப்படின்னா கரும்புக் கொல்லையில வருஷா வருஷம் பள்ளம் விழணுமே. விழுதா?”

வகுப்பு திருதிருவென்று விழித்தது. நானும்தான் விழித்தேன். இத்தனை வயதில் எனக்கும் அது தோன்றியதில்லை.

மண்ணிலிருந்து வருவது தண்ணீரும் கொஞ்சம் உப்புகளும்தான் என்றார். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இலை உள்ளே இழுத்து, வேர் கொடுக்கும் தண்ணீரோடு வெயிலின் பலத்தால் சேர்த்துச் சர்க்கரையாக்குகிறது. கரும்பின் இனிப்பும் சக்கையும் காற்றிலிருந்து வந்த கரியால் கட்டியவை. அதை நாம் தின்கிறோம், உடம்புக்குள் மெல்ல எரிக்கிறோம், மூச்சில் கரியமில வாயுவாக விடுகிறோம். சக்கையை ஆலைக்காரர் கொதிகலனில் எரிக்கிறார், அதுவும் காற்றுக்கே போகிறது. கொல்லையில் உதிர்ந்த தோகையைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மக்கவைத்து, அவையும் வாயுவாக்குகின்றன. அடுத்த கரும்பு அதையெல்லாம் மறுபடி இழுத்துக்கொள்கிறது. போன வருஷம் எடுத்ததை இந்த வருஷம் கொடுக்கிறோம். ஒன்றும் குறைவதில்லை, கூடுவதுமில்லை.

“இப்ப நெய்வேலிக்கு வாங்க” என்றார். மனுஷனே பிறக்காத காலத்து மரங்கள் காற்றிலிருந்து எடுத்த கரி அங்கே மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரியாகக் கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்தச் சுற்றுக்கு வெளியே இருந்தது. அதைத் தோண்டி எரித்தால் அத்தனையும் திடுதிப்பென்று சுற்றுக்குள் வந்து விழுகிறது. இப்போது இருக்கிற மரங்களும் கடலும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி காற்றிலேயே தங்கிவிடும். அந்த வாயுவுக்குப் பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் குணம் உண்டு. அது கூடக்கூடப் பூமி சூடேறும் என்று அறிவியலார் எதிர்பார்க்கிறார்கள்.

காட்டை அழிப்பதில் இரட்டைக் கேடு. மரத்தில் இருந்த கரி எரிந்தோ மக்கியோ காற்றுக்குப் போகிறது, கிளறிவிட்ட மண்ணிலிருந்தும் கொஞ்சம் போகிறது, திரும்ப எடுத்துக்கொள்ள மரமும் இல்லை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். இந்தப் பழமொழி நான் அவருக்குக் கொடுத்தது. அதில் எனக்கு இன்றும் பெருமை.

அடடா, என்ன பாடம்! மனிதர் குரலை உயர்த்தவில்லை, கரும்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தையே சுற்றிக் காட்டிவிட்டார். மறுநாள் சின்னதாக ஒரு தேர்வு வைத்தார். விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. அது ஒரு விசித்திரமான முகமாக இருந்தது.

“படிச்சுப் பாருங்க டீச்சர்.”

‘கரியமில வாயு என்றால் என்ன?’ என்ற கேள்விக்குப் பாதிப் பிள்ளைகள் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: ‘கரியம் இல்லாத வாயு.’ ஒரு பெண் இன்னும் தெளிவாக எழுதியிருந்தாள்: ‘மூச்சில் வெளிவருவது கரியம் இல்லாத வாயு ஆகும். ஆகவே விறகு எரியும்போது கரி காற்றுக்குப் போவதில்லை, சட்டியின் அடியிலேயே பிடித்துக்கொள்கிறது.’

எனக்குத் தலையில் இடி விழுந்தது. அந்த வாரம்தான் செய்யுள் பாடத்தில் ‘மணமில மலர்’ என்று ஒரு தொடர் வந்தது. ‘இல’ என்றால் ‘இல்லாத’, மணம் இல்லாத மலர், இதுபோல் எங்கு கண்டாலும் இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று பிரம்பை மேசையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தேன். பிள்ளைகள் சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்டிருக்கிறார்கள். கரியம், இல, வாயு! இலக்கணப்படி அப்படியும் பிரிக்கலாம், யார் மறுக்க முடியும்? ஆனால் வாயுவில் கரியே இல்லை என்றால் சுற்று ஏது? பாடமே அங்கே அறுந்துவிடுகிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

“எம் புள்ளைங்க மேல தப்பே இல்ல” என்று சீறினேன். “அழகாப் பிரிச்சிருக்குதுங்க. எல்லாம் இந்தச் சொல்லு பண்ற வேலை. விடுங்க சார், உங்க கார்பன் டை ஆக்சைடையே திரும்பப் போட்டுக்குங்க. நானே எழுதித் தர்றேன்.”

“எதுக்கு டீச்சர்? நல்ல தப்பு இது. எனக்கு இந்தத் தப்பு வேணும்.”

“வெளையாடுறீங்களா? நாளான்னிக்கு சிதம்பரத்துப் புள்ளைங்க இப்படிப் பிரிச்சா அந்தப் பேராசிரியரு பாடத்தத் தூக்கிக் குப்பையில போட்டுருவாரு!”

“பிரிக்கணும். பிரிச்சாத்தான் எனக்கு வேலை” என்று சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று எத்தனை பிள்ளைகளுக்கு ஒற்றுக்காக மதிப்பெண் போனதோ, பாவம்.

சிதம்பரத்துக்கு இரயிலில் போனோம். எஞ்சினிலிருந்து நிலக்கரித் தூள் பறந்து வந்து கண்ணில் விழுந்தது. “பாருங்க, பாடம் நம்ம கண்ணுக்குள்ளயே வருது” என்று கேலி செய்தார் சார். நான் முந்தானையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தேன். வழிநெடுகச் சவுக்குத் தோப்புகள். பரங்கிப்பேட்டை நிலையத்தில் அவர் தம்பி ஒரு பை நிறையக் கிளிஞ்சல்களைச் சன்னல் வழியே நீட்டினார். குழம்புக்கா என்று கேட்டேன். “பாடத்துக்கு” என்றார்.

ஒரு பள்ளியின் நீண்ட அறையில் சிதம்பரத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் குழுவினர். பேராசிரியர் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு. பாடத்தை எடுத்த எடுப்பிலேயே சார் கரும்பலகையில் ‘கரியமில வாயு’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

“இத யாரு பிரிச்சுச் சொல்லுவீங்க?”

முன்வரிசையில் ரெட்டைச் சடைப் பெண் ஒருத்தி எழுந்து கணீரென்று சொன்னாள்: “கரியம், இல, வாயு. கரியம் இல்லாத வாயு சார்!”

பேராசிரியர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. நான் சொன்னேன் அல்லவா என்கிற சிரிப்பு. “பாத்தீங்களா? தமிழ்ல சொன்னா இப்படித்தான் ஆகும்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

“சரி, உள்ள கரி இருக்கா இல்லையா, கண்ணால பாத்துருவோம்” என்றார் சார்.

கிளிஞ்சல்களை ஒரு குடுவையில் போட்டு, நீர்த்த அமிலத்தை ஊற்றினார். பொங்கிக்கொண்டு வந்த வாயு குழாய் வழியாக ஒரு கண்ணாடி ஜாடியின் அடியில் போய் இறங்கியது. ஜாடியில் ஒன்றுமே தெரியவில்லை. எரியும் மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டார். பொக்கென்று அணைந்தது. “கடல்ல கரைஞ்ச கரியமில வாயுவ எடுத்து நத்தை, சிப்பியெல்லாம் ஓடு கட்டுது. அந்த ஓட்டுலேருந்துதான் இப்ப வாங்கினோம். நிறம் இல்ல, வாசனை இல்ல. கரி மட்டும் எங்க தெரியுது? தெரியல இல்ல?”

“தெரியல சார்!”

பிறகு மெக்னீசியம் நாடாவை இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். பற்றவில்லை. மறுபடி காட்டினார். ஊஹூம். எங்கள் ஊர்க் கடல் காற்று அந்த நாடாவைச் சும்மா விடுமா? மேலெல்லாம் மங்கிக்கிடந்தது. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் வேண்டாத தெய்வம் இல்லை. சார் பதறவில்லை. சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து, பளபளவென்று ஆகும்வரை நாடாவைத் தேய்த்தார்.

“நேராப் பாக்காதீங்க, கண்ணு கூசும்” என்று சொல்லிப் பற்றவைத்தார். வெள்ளை வெளேரென்று எரிந்த நாடாவை அப்படியே ஜாடிக்குள் இறக்கினார். மெழுகுவத்தியை அணைத்த அதே வாயுவுக்குள் அது அணையாமல் படபடவென்று பொறிந்து எரிந்தது. முடிந்ததும் ஜாடியை அந்த ரெட்டைச் சடைப் பெண்ணிடம் கொடுத்தார்.

“என்னா இருக்கு பாரு.”

“வெள்ளையாச் சாம்பல் இருக்கு சார்… அய்யோ, கருப்பாப் பொட்டுப் பொட்டா ஒட்டியிருக்கு! கரி! சார், கரி!”

“நான் போடலியே. நாடா வெள்ளிமாதிரி இருந்துது, நீதான பாத்த. எங்கேருந்து வந்துது?”

அவள் கரும்பலகையைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள். “வாயுக்குள்ளேருந்து” என்றாள் மெதுவாக. பிறகு யாரும் கேட்காமலேயே, “அப்படின்னா அது கரியம் இல இல்ல சார். கரி, அமிலம்!” என்று கத்தினாள்.

எழுந்து ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. நிலக்கரித் தூள் இன்னும் உறுத்துகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவைத்தேன். பேராசிரியர் எழுந்து வந்து அந்த ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கையைக் கட்டவில்லை.

கண்ணுக்குத் தெரியாத வாயுவுக்குள் கரி இருப்பதைப் பார்த்துவிட்ட பிள்ளைகளுக்கு மற்றதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கரும்பும், மூச்சும், மக்கும் இலையும், நிலக்கரியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியில் சார் கேட்டார்:

“தில்லைன்னு ஒரு மரத்துனாலதான் உங்க ஊருக்குத் தில்லைன்னு பேரு. ஊரே அந்தக் காடா இருந்துதுன்னு சொல்றாங்க. அந்த மரத்தப் பாத்தவங்க கை தூக்குங்க.”

ஒரு கைகூட எழவில்லை. பேராசிரியர் கையும் எழவில்லை. பிச்சாவரத்துச் சதுப்பில் இன்னும் நிற்கிறது, போய்ப் பாருங்கள் என்றார் சார். “இங்க நின்ன காட்டுல இருந்த கரியெல்லாம் எங்க போச்சு?”

“அடுப்புக்கு” என்றான் ஒரு பையன். “அடுப்புலேருந்து காத்துக்கு” என்றாள் ரெட்டைச் சடை.

பாடம் முடிந்து பிள்ளைகள் போனபின் பேராசிரியர் கேட்டார். “அருமையா நடத்துனீங்க, ஒத்துக்கிறேன். ஆனா நிலக்கரியாலதான் இப்ப நம்ம வீட்டுல வெளக்கு எரியுது. அதப் போய்ப் புள்ளைங்ககிட்டக் கெட்டதுன்னு சொல்லலாமா?”

“கெட்டதுன்னு சொல்லலிங்க. வெளக்க அணைக்கவும் சொல்லல. எரியறது எங்கேருந்து வருது, எரிஞ்சப்புறம் எங்க போவுதுன்னு சொல்றேன். தெரிஞ்சு எரிக்கட்டுமே.”

குழு பாடத்தை ஏற்றுக்கொண்டது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றார் சார் வாய்க்குள்ளேயே. ஆனால் புத்தகம் அச்சாகி வந்தபோது பார்த்தால், எரிப்பதும் காடழிப்பதும் பற்றிய கடைசிப் பகுதிக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி: ‘தேர்வுக்கு உரியதன்று.’ ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கும் விஷயம் என்பதால் அப்படிப் போட்டார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேர்வுக்கு இல்லை என்றால் எங்கள் பள்ளிகளில் அந்தப் பக்கத்தை யார் திறப்பார்கள்? ஆசிரியரும் திறக்கமாட்டார், பிள்ளையும் திறக்காது. எதற்காக இந்தப் பாடத்தை எழுதினாரோ அதையே சீந்துவாரில்லாமல் ஆக்கிவிட்டார்கள். “உங்களுக்குக் கோவமே வராதா சார்?” என்று கேட்டேன். “அச்சுல வந்துருச்சு இல்ல டீச்சர், என்னிக்காவது யாராவது படிப்பாங்க” என்றார். ஆனால் அன்று மதியம் அவர் டிபன் டப்பாவைத் திறக்காமலேயே மூடிவைத்ததைப் பார்த்தேன்.

அறிவியல் தேர்வுக்குத்தானே உரியதன்று? தமிழ்த் தேர்வுக்கு உரியதன்று என்று யாரும் சொல்லவில்லையே! அரையாண்டுத் தமிழ்த் தாள் தயாரிப்பவள் நான். ‘கீழ்க்காணும் உரைநடைப் பகுதியைப் படித்து வினாக்களுக்கு விடை தருக’ என்று போட்டு, அந்தக் கடைசிப் பகுதியை ஓர் எழுத்து விடாமல் எடுத்துவைத்தேன். முதல் வினா: ‘கரியமில வாயு – பிரித்து எழுதுக.’ கடைசி வினா: ‘மரத்தை எரிப்பதற்கும் நிலக்கரியை எரிப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?’ தேர்வு மேற்பார்வைக்கு வந்த சார், கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு அறைக்கு அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

சட்டியின் அடியில் கரி பிடித்துக்கொள்கிறது என்று முன்பு எழுதிய அதே பெண்ணின் தாள் திருத்தும்போது என் கைக்கு வந்தது. கடைசி வினாவுக்கு அவள் இப்படி எழுதியிருந்தாள்:

‘இரண்டும் கரியமில வாயுவைத் தான் தரும். மரத்தை வெட்டி எரித்தால் இன்னொரு மரம் நடலாம். அது வளர்ந்து வாயுவைத் திரும்ப எடுத்து கொள்ளும். நிலக்கரியை நட முடியாது.’

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு விரைந்து போனேன். சார் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு மறுபடி படித்தார். “நாலு பக்கம் எழுதினேன் டீச்சர், இந்த ஒரு வரி எனக்கு வரலியே” என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

‘எடுத்து கொள்ளும்’ என்பதில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. முழு மதிப்பெண் போட்டேன்.